கேரியர் சாப்பாட்டுக்கு ஒரு பக்கக் கணக்கு

வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொடுக்கும் தொழிலில் பெரும்பாலும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்றில் மளிகைச் செலவு, இன்னொன்றில் யார் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு. மாதக் கடைசியில் இரண்டையும் கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தத் தொகை யாரிடமிருந்து வந்தது, எதற்காகக் கொடுத்தார்கள் என்பது மட்டும் அந்த நோட்டுகளில் தெரியாது. அதைப் பார்க்க ஒரே தாளில் தொழில் முழுவதையும் வரைந்துகொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பிசினஸ் மாடல் கேன்வாஸ்.

சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் ஆஸ்டர்வால்டர் 2004இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. அவரும் அவருடைய பேராசிரியர் ஈவ் பின்யூரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 2010 வாக்கில் உலகெங்கும் பரவியபோது கேன்வாஸும் கூடவே பரவியது. தாளில் மொத்தம் ஒன்பது கட்டங்கள். வலது ஓரத்தில் வாடிக்கையாளர்கள், நடுவில் அவர்களுக்குக் கிடைக்கும் பயன், இரண்டுக்கும் இடையில் பொருள் போய்ச்சேரும் வழியும் வாடிக்கையாளரோடு வைத்துக்கொள்ளும் உறவும். இடது பக்கம் தொழிலுக்கு வேண்டிய முக்கிய வளங்கள், முக்கிய வேலைகள், கூட்டாளிகள். அடியில் இடது பாதி செலவு, வலது பாதி வரவு. ஒட்டுத்தாள்களில் எழுதி அந்தந்தக் கட்டத்தில் ஒட்டுவது வழக்கம். எழுதி எழுதி அடிப்பதைவிட, பிய்த்து இடம் மாற்றுவது சுலபம்.

ஒன்பது கட்டங்களையும் நிரப்ப அரை மணி நேரம் போதும். நிரப்பிய தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. தாளின் உண்மையான பயன் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாடிக்கையாளர், பயன், வரவு ஆகிய மூன்று கட்டங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஒரு மாதிரிச் சமையலறையை எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணா நகரில் ஒரு சமையலறை

சென்னை அண்ணா நகர் இந்தக் கணக்குக்குத் தோதான இடம். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அங்கே விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் நிறைந்திருக்கிறார்கள். பழைய வீடுகளிலும் அடுக்ககங்களிலும் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் முதிய தம்பதிகள் இருக்கிறார்கள். சின்னச் சின்ன அலுவலகங்களும் உண்டு. நம் மாதிரிச் சமையலறை இந்த மூன்று பேருக்கும் மதியச் சாப்பாடு கொடுக்கிறது. சோறு, சாம்பார் அல்லது குழம்பு, ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், மோர். எல்லோருக்கும் ஒரே விலை, 90 ரூபாய். சமைப்பவர் வீட்டுக்காரம்மாதான். உதவிக்கு ஒருவர், வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர். ஞாயிறு விடுமுறை போக மாதம் 26 நாள் அடுப்பு எரிகிறது.

படிக்கும் பிள்ளைகள் 25 பேர். ஊருக்குப் போவது, மாதிரித் தேர்வு, சிநேகிதர் அறை என்று கழித்தால் ஆளுக்கு மாதம் 20 நாள் சாப்பிடுகிறார்கள். ஆக 500 சாப்பாடு. முதியவர்கள் ஆறு வீட்டில் 12 பேர், ஆளுக்கு 25 நாள், ஆக 300. அலுவலகக்காரர்கள் மாதக் கணக்கு வைப்பதில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள், சாப்பிட்டுவிட்டுப் பணம் அனுப்புவார்கள். வேலை நாள் 22இல் அவர்களிடம் ஏறக்குறைய 400 சாப்பாடு போகிறது. மொத்தம் 1,200 சாப்பாடு, 1,08,000 ரூபாய் வரவு.

செலவில் மளிகையும் காய்கறியும் ஒரு சாப்பாட்டுக்கு 40 ரூபாய் வீதம் 48,000. எரிவாயு 6,000. பிளாஸ்டிக் டப்பாவும் பையும் ஒன்றுக்கு 7 ரூபாய். முதியவர்களுக்கு எவர்சில்வர் கேரியர் என்பதால் மற்ற 900 சாப்பாட்டுக்கு மட்டும் 6,300. சமைத்தும் விற்காமல் போனவற்றுக்கு 8,000. உதவியாளுக்கு 8,000, வண்டிக்காரருக்குப் பெட்ரோலோடு சேர்த்து 10,000, மின்சாரம், தண்ணீர், போன் 2,000. கூட்டினால் 88,300. மிச்சம் 19,700 ரூபாய்.

நாளைக்கு ஆறு மணி நேரம் நின்று சமைப்பவருக்கு இது மணிக்கு 126 ரூபாய் ஆகிறது. சமைக்க வெளி ஆள் வைத்து அவருக்கு 18,000 கொடுத்திருந்தால் தொழிலில் நின்றிருப்பது 1,700 ரூபாய்தான். வீட்டுத் தொழில்களில் செலவுக் கட்டத்தில் முதலில் விட்டுப்போவது சமைப்பவரின் கூலி. இரண்டாவது எரிவாயு. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரில் வியாபாரத்துக்குச் சமைக்க விதி இடம் தரவில்லை. வணிகத்துக்கு 19 கிலோ சிலிண்டர் வாங்க வேண்டும். வீட்டு சிலிண்டரின் விலையை வைத்துப் போட்ட கணக்கு, தொழில் கொஞ்சம் வளர்ந்து நாலு பேர் கண்ணில் படும்வரைதான் செல்லும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 14 இலக்கப் பதிவு எண் வாங்குவதும் இதே வகை. அது வளங்கள் கட்டத்தில் இருக்க வேண்டிய தாள்.

மூன்று நிறத் தாள்கள்

இந்தச் சமையலறையின் கேன்வாஸை முதல்முறை நிரப்பும்போது வாடிக்கையாளர் கட்டத்தில் ‘மதியச் சாப்பாடு வேண்டியவர்கள்’ என்றும், பயன் கட்டத்தில் ‘வீட்டுச் சுவை, சுத்தம், நியாயமான விலை’ என்றும், வரவுக் கட்டத்தில் ‘சாப்பாடு 90 ரூபாய்’ என்றும் எழுதப்படும். பார்க்க முரண்பாடே தெரியாது. காரணம், மூன்று கட்டத்திலும் எதுவும் சொல்லப்படவில்லை. சுத்தமில்லாத சாப்பாடு தருகிறோம் என்று எந்த மெஸ்ஸும் போர்டு வைப்பதில்லை. யாரும் மறுத்துச் சொல்ல முடியாத வாசகம் பயன் கட்டத்தில் இருந்தால் அது வெற்றுத்தாள்.

இதை உடைக்க நிறத்தாள் உதவுகிறது. படிக்கும் பிள்ளைகளுக்கு மஞ்சள், முதியவர்களுக்குப் பச்சை, அலுவலகத்துக்கு நீலம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் அந்த நிறத்திலேயே பயனும் வரவும் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இந்தச் சாப்பாடு நாளை வரவில்லை என்றால் இவர் என்ன செய்வார்? கேன்வாஸில் போட்டியாளருக்கென்று கட்டம் கிடையாது. அந்தக் குறையை இந்தக் கேள்வி ஈடுகட்டுகிறது.

படிக்கும் பையன் பக்கத்து மெஸ்ஸுக்குப் போவான். பணம் முடையான மாதத்தில் அம்மா உணவகத்துக்கும் போவான். 2013இல் தொடங்கிய அந்த உணவகங்களில் சாம்பார் சாதம் 5 ரூபாய். ஆகவே அவன் 90 ரூபாய் கொடுப்பது வயிற்றை நிரப்புவதற்கு மட்டும் அல்ல. மெஸ்ஸுக்கு நடந்துபோய், வரிசையில் நின்று, திரும்பி வரும் முக்கால் மணி நேரம் மிச்சமாகிறது. சாப்பிட்டதும் தூங்கிவிடாத அளவுக்கு எண்ணெய் குறைந்த சாப்பாடு கிடைக்கிறது. ஊருக்குப் போகிற நாளுக்குப் பணம் போகாது. மஞ்சள் தாளில் எழுத வேண்டியவை இவைதான்.

அலுவலகக்காரர் போனை எடுத்து உணவுச் செயலியில் பிரியாணி வரவழைப்பார். இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுவருவார். அவருக்கு இந்தச் சமையலறை தரும் பெரிய சலுகை, காலை பத்தரை மணிக்குக்கூட ‘இன்னைக்கு ரெண்டு’ என்று சொல்ல முடிவது. என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்றும் சொல்ல முடிவது. நீலத் தாளில் உள்ள பயன், அன்றன்றைக்கு முடிவெடுக்கும் சுதந்திரம்.

முதியவர்களின் பச்சைத் தாள் கொஞ்சம் நேரம் எடுக்கும். உப்பும் காரமும் குறைவாக, சோறு குழைவாக, பன்னிரண்டே காலுக்குள், மாத்திரை போடும் நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். இதற்காகக் குழம்பில் மிளகாய்த்தூள் போடும் முன் ஒரு பகுதி தனியே எடுக்கப்படுகிறது. பொரியல் தனிச் சட்டியில் வதங்குகிறது. தினமும் 40 நிமிடம் கூடுதல் வேலை. கேரியரைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் மூன்று மாடி ஏறி, மணி அடித்து, கதவு திறக்கும்வரை நின்று, முதல் நாள் கேரியரை வாங்கிக்கொண்டு இறங்குகிறார். கதவு திறக்கவில்லை என்றால் மகனுக்கோ மகளுக்கோ போன் போகிறது. இந்த வீடுகளில் பலவற்றில் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புவதே அந்த மகனோ மகளோதான். பெங்களூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு அவர்கள் வாங்குவது குழம்பை அல்ல, நாளுக்கு ஒருமுறை யாராவது அந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்ற நிம்மதியை. சாப்பிடுபவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர் என்றால் வாடிக்கையாளர் கட்டத்தில் இரண்டு தாள் ஒட்ட வேண்டும். ஆறு வீட்டில் நாலு வீட்டுக்குப் பிள்ளைகள் கட்டுகிறார்கள், இரண்டு வீட்டில் பென்ஷனிலிருந்து அவர்களே கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரே தெருவில் ஒரே சாப்பாட்டை உண்ணும் இவர்கள் உண்மையில் இரண்டு பிரிவினர்.

கோடு போடும்போது

இனி ஒவ்வொரு நிறத்திலும் வாடிக்கையாளரிலிருந்து பயனுக்கும், பயனிலிருந்து வரவுக்கும் கோடு இழுக்க வேண்டும். கோடு சேராத தாள்தான் பார்க்க வேண்டிய இடம். பச்சையில் தனிச் சமையல், குறித்த நேரம், கதவைத் தட்டுவது என மூன்று பயன்கள் இருக்கின்றன. மூன்றிலிருந்தும் வரவுக்குப் போகும் கோடு ‘சாப்பாடு 90 ரூபாய்’ என்ற ஒரே தாளில் முட்டுகிறது. தனிச் சமையல் இல்லாத மஞ்சளுக்கும் அதே 90தான். அதாவது முதியவர்களுக்குச் செய்யும் கூடுதல் வேலைக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை, கேட்கப்படவும் இல்லை. நீலத்தில் கடைசி நேரச் சுதந்திரத்துக்கும் விலை இல்லை. மஞ்சளில் ‘மாதக் கணக்கு’ என்று பெயர் மட்டும் இருக்கிறது. சாப்பிடாத நாளைக் கழித்து மாதக் கடைசியில் வசூலிப்பதால் அது உண்மையில் தினக்கணக்கு, அதுவும் கடன் கணக்கு.

கோடு சேரவில்லை என்பது ஒரு சந்தேகம்தான். அது பணத்தில் எவ்வளவு என்று தெரிய, பொதுச் செலவை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற செலவை மூன்று பிரிவுக்கும் பிரிக்க வேண்டும். மளிகையும் டப்பாவும் எண்ணிக்கையில் பிரிந்துவிடும். வண்டிக்காரரின் சம்பளத்தைச் சாப்பாட்டு எண்ணிக்கையில் பிரித்தால் தவறு. அவருடைய நேரம் போவது நிறுத்தங்களில். விடுதிகள் ஐந்து, முதியவர் வீடுகள் ஆறு, அலுவலகங்கள் மூன்று, மொத்தம் 14 நிறுத்தம். அதன்படி 10,000 ரூபாயில் பச்சைக்கு 4,300, மஞ்சளுக்கு 3,600, நீலத்துக்கு 2,100. வீணான சாப்பாட்டையும் அது யாருக்காகச் சமைக்கப்பட்டதோ அவர்கள் கணக்கில்தான் எழுத வேண்டும். அலுவலகத்துக்கென்று தினம் 24 சமைத்து 18 போகிறது. மாதத்தில் 128 சாப்பாடு மிஞ்சி 5,100 ரூபாய் போகிறது. பிள்ளைகளுக்கு 22 சமைத்து 19 போவதில் 2,900 ரூபாய். முதியவர்கள் ஊருக்குப் போவதாயிருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவார்கள், அங்கே வீண் இல்லை.

இப்படிப் பிரித்தால் பிள்ளைகளின் 45,000 ரூபாயில் நேரடிச் செலவு போக 15,000 நிற்கிறது, ஒரு சாப்பாட்டுக்கு 30 ரூபாய். அலுவலகத்தின் 36,000இல் 10,000, ஒன்றுக்கு 25 ரூபாய். முதியவர்களின் 27,000இல் 10,700, ஒன்றுக்கு ஏறக்குறைய 36 ரூபாய். மூன்றையும் கூட்டி, எரிவாயு, உதவியாள், இதர செலவு 16,000ஐக் கழித்தால் அதே 19,700 வரும். வராவிட்டால் பிரித்ததில் எங்கோ பிசகு.

சமையலறையில் நிற்பவரைக் கேட்டால் முதியவர் வீடுகள்தான் தொந்தரவு என்பார். தனிச்சட்டி, மாடிப்படி, கேரியர் கழுவுவது. அலுவலகம் அன்றாடம் பணம் அனுப்புவதால் நல்ல வாடிக்கை என்பார். கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 40 நிமிடக் கூடுதல் வேலை மாதத்தில் 17 மணி நேரம். அதற்குக் கூலி போட்டால் பச்சையின் 36 ரூபாய் சற்று இறங்கும். மணிக்கு 126 வீதம் போட்டாலும் 2,200 ரூபாய்க்குள்தான். கழித்த பிறகும் அலுவலகத்தைவிட மேலேதான் நிற்கும்.

விலையின் வடிவம்

முரண்பாடு தெரிந்ததும் எல்லாருக்கும் பத்து ரூபாய் ஏற்றிவிடத் தோன்றும். அது தவறான மருந்து. விலை குறைவு என்பது மூன்று பிரிவுக்கும் பொதுவான நோய் அல்ல. எந்தப் பயனுக்குப் பணம் கொடுக்கிறார்களோ அந்தப் பயனின் வடிவத்திலேயே வரவும் இருக்க வேண்டும்.

அலுவலகக்காரருக்குச் சுதந்திரம் வேண்டும் என்றால் அதற்குத் தனி விலை வைக்கலாம். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் சொல்ல வேண்டும், சாப்பாடு 100 ரூபாய். பத்தரை மணிக்குச் சொல்பவருக்கு இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதில் வாடிக்கை குறையத்தான் செய்யும். எவ்வளவு குறைந்தால் நஷ்டம் என்பதைப் பயப்படாமல் முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். இரவே எண்ணிக்கை தெரிவதால் வீணாவது 1,600 ரூபாய்க்கு இறங்கும் என்று கொள்வோம். மளிகையும் டப்பாவும் போக ஒரு சாப்பாட்டில் 53 ரூபாய் நிற்கிறது. பழைய 10,000ஐ எட்ட, வீணுக்கும் வண்டிக்கும் சேர்த்து 13,700 வேண்டும். 259 சாப்பாடு விற்றால் போதும். 400இலிருந்து 320க்கு இறங்கினாலும் 13,200 ரூபாய்க்குக் குறையாமல் கையில் நிற்கும், சமைக்க வேண்டியதும் 80 குறைவு.

பிள்ளைகளிடம் விலை ஏற்றக் கூடாது. அவர்களுடைய பயனில் முதல் இடம் பணத்துக்கு. அங்கே மாற்ற வேண்டியது வாங்கும் முறை. 20 சாப்பாட்டுக்கு 1,760 ரூபாய் முன்பணமாக ஒரு அட்டை. வேண்டாத நாளை முதல் நாள் இரவு சொன்னால் அட்டையில் குறி விழாது. ஒரு சாப்பாடு 88 ரூபாய் ஆகிறது, அவர்களுக்கும் இரண்டு ரூபாய் மிச்சம். சமையலறைக்கு வரவில் 1,000 ரூபாய் குறையும். இரவே எண்ணிக்கை தெரிவதால் வீண் 2,900இலிருந்து 1,000 ஆகக் குறைந்தால் நிகரமாக 900 ரூபாய் லாபம். தொகை சின்னதுதான். ஆனால் மேலே போட்ட கணக்கில் சேராத ஒன்று இதில் அடங்குகிறது. மாதக் கடைசியில் வசூலிக்கும்போது ஒரு பையன் அறையைக் காலி செய்துவிட்டுப் போனால் 1,800 ரூபாய் போனதுதான். முன்பணத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஒன்றாம் தேதியே பணம் கையில் இருந்தால் அரிசியை மூட்டையாக வாங்கலாம். அட்டைக்குக் காலக்கெடு வைத்து, தீராத சாப்பாட்டை விழுங்கிவிடும் யோசனையும் சிலருக்கு வரும். ஊருக்குப் போகிற நாளுக்குப் பணம் போகாது என்று மஞ்சள் தாளில் எழுதிவிட்டு வரவுக் கட்டத்தில் அதைப் பறித்தால் இரண்டு தாளும் மறுபடி மோதிக்கொள்ளும்.

முதியவர்களில் பிள்ளைகள் பணம் கட்டும் நாலு வீட்டுக்கு ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் சந்தா, முதல் தேதியில். தனிச் சமையல், பன்னிரண்டே கால், கேரியர் கைமாறியதும் பிள்ளையின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வரி. இப்போது பணம் கட்டுபவருக்கு அவர் வாங்கும் நிம்மதி ஒரு செய்தியாகக் கையில் கிடைக்கிறது. பென்ஷனில் கட்டும் இரண்டு வீட்டுக்கு விலை பழையபடியே. அவர்களும் பட்டியல் தெரிந்தே தேர்ந்தெடுக்கட்டும்: பொதுச் சமையலில் காரம் குறைத்தது 90 ரூபாய், தனிச் சமையல் என்றால் சந்தா. 8 பேரிடம் 24,000, 4 பேரிடம் 9,000, மொத்தம் 33,000. முன்பைவிட 6,000 கூடுதல். இங்கே ஓர் எல்லை உண்டு. உப்பு குறைவு, எண்ணெய் குறைவு என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிக்கான உணவு என்று பெயர் வைத்தால் அது சமையலறையால் காப்பாற்ற முடியாத வாக்கு.

மூன்றும் நினைத்தபடி நடந்தால் மிச்சம் 19,700இலிருந்து 29,800 அளவுக்கு உயரும். அடுப்பு, ஆள், வண்டி எதுவும் கூடவில்லை. நினைத்தபடி நடக்குமா என்பதற்குத் தாளில் பதில் இல்லை. ஒரே மாதத்தில் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. பச்சையை முதலில் மாற்றி, இரண்டாவது மாதச் சந்தாவை எத்தனை வீடு கட்டுகிறது என்று பார்த்துவிட்டு நீலத்துக்குப் போகலாம். முதல் மாதப் பணத்தைத் தயவுக்காகக்கூடக் கட்டுவார்கள். இரண்டாவது மாதம்தான் கணக்கு.

பயன் கட்டத்தில் எழுதியது உண்மையா என்று பார்க்க இன்னொரு இடம் திரும்பி வரும் கேரியர். மூன்று நாள் தொடர்ந்து பொரியல் தட்டு அப்படியே வந்தால் காய் வேகவில்லை அல்லது மெல்ல முடியவில்லை. ரசம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தால் நாளை இன்னொரு கரண்டி கூட்டலாம். சோறு பாதி திரும்பினால் அளவைக் குறைத்து மளிகையில் மிச்சம் பிடிக்கலாம், அல்லது அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. கேரியர் கழுவும் உதவியாளிடம் ஒரு சிலேட்டு கொடுத்து வீட்டு எண்ணுக்கு நேராகக் குறிக்கச் சொன்னால் போதும். டப்பாவில் போகும் 900 சாப்பாட்டுக்கு இந்த வசதி இல்லை. அங்கே நேரில் போய்க் கேட்கத்தான் வேண்டும், கேட்டால் எல்லோரும் ‘நல்லா இருக்கு’ என்பார்கள்.

கேன்வாஸில் காலத்துக்கும் கட்டம் கிடையாது. அண்ணா நகரில் முதல்நிலைத் தேர்வு முடிந்த கையோடு அறைகள் காலியாகத் தொடங்கும். 25 பேர் 10 பேராகி 200 சாப்பாடுதான் போகிறது என்றால், ஐந்து விடுதிக்கும் வண்டி போய்த்தான் ஆக வேண்டும், அந்த 3,600 குறையாது. 88 ரூபாய் வீதம் 17,600 வரவில் மளிகை 8,000, டப்பா 1,400, வீண் 400, வண்டி 3,600 போக மஞ்சளில் நிற்பது 4,200. மற்ற இரண்டும் அப்படியே இருந்தாலும் 29,800 என்பது 18,100 ஆகிவிடும். அதனால் இந்தச் சமையலறைக்கு ஒரு தாள் போதாது. தேர்வுக்கு முந்தைய மாதங்களுக்கு ஒன்று, பிந்தைய மாதங்களுக்கு ஒன்று வேண்டும். இரண்டாவது தாளில் வாடிக்கையாளர் கட்டத்தில் மஞ்சள் சுருங்கிய இடத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டால், பிப்ரவரியிலேயே இன்னும் இரண்டு முதியவர் வீடுகளைச் சேர்க்கலாம். அதுவும் வண்டி ஏற்கனவே நிற்கும் அதே அடுக்ககத்தில் கிடைத்தால் நிறுத்தம் கூடாது.